பட்டாசு வித்த காசுக்கு பேங்க் விளக்கம் கேட்குது, என்னன்னு எழுதிக் கொடுக்கிறது?

ஹார்டுவேர்காரன் | 13 நவம்பர் 2024, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். அறந்தாங்கி பக்கம் சின்னதா ஒரு ஹார்டுவேர் கடை வச்சிருக்கேன். பெயின்ட், பைப், ஆணி, தாழ்ப்பாள்னு சில்லறை வியாபாரம். கடை பேர்ல ஒரு கரண்ட் அக்கவுண்ட் இருக்கு. மாசம் நாலு லட்சம் வரவு வரும். முக்கால்வாசி ஜிபே, கொஞ்சம் செக். ரொக்கமா நான் கட்டுறது 70,000-ஐத் தாண்டாது.

இந்தத் தீபாவளிக்குக் கடையை ஒட்டின காலி இடத்துல பட்டாசு ஸ்டால் போட்டேன். இதான் முதல் தடவை. டி.ஆர்.ஓ. ஆபீஸ்ல தற்காலிக லைசென்ஸ் என் பேர்லயே வாங்கினது. வியாபாரம் நல்லாவே ஓடுச்சு.

நேத்து பேங்க்ல இருந்து மெயில். 21.10.2024-லேர்ந்து 06.11.2024 வரைக்கும் என் கணக்குல 11,42,000 ரூபா ரொக்கம் விழுந்திருக்காம். என் வழக்கமான வரவுக்கு இது பொருந்தலையாம். பணம் வந்த வழி என்ன, ஏன் சின்னச் சின்னத் தொகையா கட்டினீங்கன்னு ஆதாரத்தோட 7 வேலை நாளுக்குள்ள சொல்லணுமாம்.

கட்டின கணக்கு இதான். கடைப் பையன் டெபாசிட் மெஷின்ல 49,000 வீதம் எட்டுத் தடவை போட்டான், மொத்தம் 3,92,000. அதுல 28ஆம் தேதி மட்டும் ஒரே நாள்ல ரெண்டு தடவை. நவம்பர் 4ஆம் தேதி நானே கவுண்ட்டர்ல 4,50,000 கட்டினேன். 6ஆம் தேதி இன்னொரு 3,00,000.

திருட்டுக் காசு ஒண்ணும் இல்ல. ஆனா லெட்டரைப் பார்த்ததுலேர்ந்து சோறு இறங்கல. என்னன்னு எழுதுறது?

கொள்ளிடத்தான் | 13 நவம்பர், இரவு 10.05

இதுக்குப் போய் பயப்படுறீங்களே. குடும்பத்துல யார் பேர்லயாவது நிலம் இருக்கும்ல? விவசாய வருமானம்னு ஒரு வரி எழுதி, சிட்டா நகல் வச்சு நீட்டுங்க. விவசாயத்துக்கு வரி கிடையாது, பேங்க்கும் மேல கேட்காது. இன்னொண்ணு, 10 லட்சத்தைத் தாண்டிட்டீங்க, இன்கம்டாக்ஸுக்கு இந்நேரம் தகவல் போயிருக்கும். அதனால சீக்கிரம் முடிச்சு விடுங்க.

செல்போன் சர்வீஸ் | 13 நவம்பர், இரவு 10.31

எனக்கும் இதே கதைதான் நண்பா. ஒரு கஸ்டமர் ஜிபேல அனுப்பின 1,800 ரூபாய்க்கு வேற மாநில சைபர் கிரைம்ல புகார்னு மொத்த அக்கவுண்ட்டையும் முடக்கிட்டாங்க. முதல்ல 1930-க்கு போன் போடுங்க.

பழைய கேஷியர் | 14 நவம்பர், காலை 6.12

செல்போன் தம்பி, உங்க கேஸ் வேற, இவர் கேஸ் வேற. உங்களுக்கு வந்தது போலீஸ் சொல்லி வச்ச முடக்கம். இவர் கணக்கை யாரும் முடக்கல, கேள்விதான் கேட்டிருக்காங்க. 1930-க்குப் போன் போட்டா அவங்களுக்கே புரியாது.

நான் 34 வருஷம் பேங்க்ல இருந்து ஓய்வு பெற்றவன். கடைசி ஆறு வருஷம் இந்த மாதிரி விளக்கங்களைப் படிச்சு முடிவு எழுதுறதுதான் வேலை. அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

இந்தக் கேள்வி உங்க கிளை மேனேஜர் மூளையில உதிச்சது இல்ல. கணக்கு திறக்கும்போது என்ன தொழில், வருஷத்துக்கு எவ்வளவு புரளும்னு எழுதிக் கொடுத்திருப்பீங்க. அந்த விவரத்தையும் இத்தனை வருஷ நடத்தையையும் வச்சு கம்ப்யூட்டர் ஒரு கோடு போட்டு வச்சிருக்கும். மாசம் 70,000 கட்டுற ஹார்டுவேர் கடை ரெண்டே வாரத்துல 11 லட்சம் கட்டினா மணி அடிக்கும். அந்த மணியை அணைக்க ஒரு ஆபீசர் காரணம் எழுதியாகணும். அந்தக் காரணத்தைத்தான் உங்ககிட்ட கேட்கிறாங்க.

கொள்ளிடத்தார் சொன்ன 10 லட்சம் கணக்கு சேவிங்ஸ் அக்கவுண்ட்டுக்கு. கரண்ட் அக்கவுண்ட்ல ஒரு நிதியாண்டுக்கு ரொக்கம் 50 லட்சத்தைத் தொட்டாத்தான் வருமான வரித்துறைக்குப் பட்டியல் போகும். அது போக, ஒரே மாசத்துல ரொக்கம் 10 லட்சத்தைத் தாண்டினா டெல்லியில இருக்கிற நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு ஒரு அறிக்கை தானா போகும். அது எல்லாருக்கும் போறது, குற்றச்சாட்டு இல்ல. உங்களுது ரெண்டு மாசத்துல பிரிஞ்சு கிடக்கு. அதனால என் கணிப்பு, மொத்தத் தொகையை விட வேற ரெண்டு விஷயம்தான் கண்ணை உறுத்தியிருக்கும். ஒண்ணு அந்த எட்டு 49,000. இன்னொண்ணு 6ஆம் தேதி போட்ட மூணு லட்சம்.

அந்த மூணு லட்சத்தை மட்டும் ஏன் தனியாச் சொன்னீங்க? அதுவும் பட்டாசுக் காசுதானா?

ஹார்டுவேர்காரன் | 14 நவம்பர், காலை 7.50

சார், கண்டுபிடிச்சிட்டீங்க. அது என் காசு இல்ல. மச்சானோடது. தைல மரம் வெட்டி வித்த பணம். அவர் டிராக்டர் எடுக்கிறதுக்கு முன்பணம் கட்டணும், "உன் கணக்குல போட்டு டீலருக்கு அனுப்பிடு மாப்ள"ன்னார். 6ஆம் தேதி கட்டினேன், 7ஆம் தேதி டீலருக்கு ஆர்.டி.ஜி.எஸ். போட்டேன். எல்லாத்தையும் பட்டாசு வியாபாரம்னே எழுதிடலாமான்னு நினைச்சேன்.

பழைய கேஷியர் | 14 நவம்பர், காலை 8.20

எழுதாதீங்க. அன்னைக்குக் கட்டின சலானை எடுத்துப் பாருங்க. பின்பக்கமோ ஓரத்துலயோ எந்த நோட்டு எத்தனைன்னு எழுதியிருப்பீங்க. 4ஆம் தேதி சலான்ல என்ன இருக்கு, 6ஆம் தேதி சலான்ல என்ன இருக்கு?

ஹார்டுவேர்காரன் | 14 நவம்பர், காலை 8.47

4ஆம் தேதி: 500 நோட்டு 610, 200 நோட்டு 375, 100 நோட்டு 700.
6ஆம் தேதி: 500 நோட்டு 600. வேற எதுவும் இல்ல.

பழைய கேஷியர் | 14 நவம்பர், காலை 9.02

பார்த்தீங்களா. பட்டாசு வித்த காசுல நூறும் இருநூறும் கலந்து, மத்தாப்பு வாசனையோட வரும். ரெண்டு நாள் கழிச்சு ஆறு கட்டு ஐநூறு மட்டும் வந்து, மறுநாளே அத்தனையும் ஒரு டிராக்டர் டீலருக்குப் போகுது. ஹார்டுவேர் கடைக்கு டிராக்டர் எதுக்கு? வந்த பணம் தங்காம வெளியே போறதைத்தான் நாங்க முதல்ல பார்ப்போம். மத்தவன் பணம் ஒரு கணக்கு வழியா கடந்து போகுதுன்னா அங்கேதான் சந்தேகம் பிறக்கும். நீங்க "எல்லாம் பட்டாசு"ன்னு எழுதினா, படிக்கிற ஆபீசர் இந்த மூணு லட்சத்துல பொய்யைப் பிடிச்சிடுவார். அப்புறம் நிஜமான எட்டரை லட்சத்தையும் நம்ப மாட்டார்.

அந்த 49,000 எதுக்கு? உண்மையைச் சொல்லுங்க.

ஹார்டுவேர்காரன் | 14 நவம்பர், மதியம் 1.15

பையன்கிட்ட கார்டு இல்ல சார். அக்கவுண்ட் நம்பர் அடிச்சுப் போட்டா அந்த மெஷின் ஒரு தடவைக்கு 50,000-க்குள்ளதான் வாங்குது. அதோட, 50,000 தாண்டினா பான் கேட்பாங்க, வம்புன்னு பக்கத்துக் கடைக்காரரும் சொன்னார். ரெண்டும்தான்.

கொள்ளிடத்தான் | 14 நவம்பர், மதியம் 1.40

மெஷின் வாங்காதுன்னு மட்டும் எழுதுங்க. பான் பேச்சை எதுக்கு நீங்களா எடுக்கிறீங்க?

பழைய கேஷியர் | 14 நவம்பர், மாலை 5.30

மெஷின் காரணம் உண்மைதான், அதை முதல்ல எழுதலாம். ஆனா ஒண்ணு யோசிங்க. கரண்ட் அக்கவுண்ட்ல பான் நம்பர் ஏற்கெனவே ஏறியிருக்கு. யார் எப்படிப் போட்டாலும் அது உங்க பான்லதான் விழுது. ஒளிக்க அங்க எதுவுமே இல்ல. பான் கேட்கிற விதியும் ஒரு நாள் மொத்தத்தைத்தான் பார்க்கும். 28ஆம் தேதி ரெண்டு தடவை போட்டதுமே 98,000 ஆயிடுச்சு. ஆக, பிரிச்சுப் போட்டதால ஒரு பைசா லாபம் இல்ல. எதையோ மறைக்கிற ஆள் மாதிரி தோற்றம் வந்ததுதான் மிச்சம். "வரம்பு பற்றிச் சரியாகத் தெரியாமல் கடை ஊழியர் மூலம் கட்டினோம், இனி கவுண்ட்டரில் மொத்தமாகக் கட்டுகிறோம்"னு ஒரு வரி போதும். நான் பார்த்த வரைக்கும் அந்த மாதிரி வரி எழுதினவங்களுக்குக் கெடுதல் வந்தது இல்ல.

தையல்கடை அக்கா | 14 நவம்பர், இரவு 8.10

தம்பி, போன வருஷம் எனக்கும் இதே லெட்டர் வந்துச்சு. எங்க மகளிர் குழுப் பணத்தை என் தையல்கடை கணக்குலயே போட்டுட்டு இருந்தேன். மாசா மாசம் 5ஆம் தேதி ஒரே தொகை, 10ஆம் தேதி ஒரே தொகையா வெளியே போகும். பேங்க்ல கேட்டதும் குழுவோட தீர்மான நோட்டை அப்படியே தூக்கிட்டுப் போய்க் காட்டினேன். பதினாறு பேர் கையெழுத்தும் ரெண்டு கைநாட்டும் இருந்துச்சு. அங்க இருந்த ஆபீசரம்மா ஒரு பக்கம் புரட்டிப் பார்த்துட்டு, "குழு பேர்லயே தனிக் கணக்கு திறந்துடுங்க, இதுல போடாதீங்க"ன்னு சொல்லி விட்டுட்டாங்க. நோட்டு இருந்ததாலதான் தப்பிச்சேன். உங்ககிட்ட தினசரி விற்பனை எழுதின நோட்டு இருக்கா?

ஹார்டுவேர்காரன் | 14 நவம்பர், இரவு 8.35

இருக்குக்கா. நாப்பது பக்க நோட்டு. ஸ்டாலை மூடுறப்ப பென்சில்ல அன்னன்னைக்கு எழுதினது. பில் கேட்டவங்களுக்கு மட்டும்தான் பில் போட்டேன். மத்ததெல்லாம் துண்டுச் சீட்டு.

கொள்ளிடத்தான் | 14 நவம்பர், இரவு 8.50

அப்ப ஒரு பில் புக் வாங்கி இப்பவே உட்கார்ந்து எழுதிடுங்க.

பேரேடு | 15 நவம்பர், காலை 7.05

ஐயா கொள்ளிடத்தாரே, அதை மட்டும் செய்ய வைக்காதீங்க. ஒரே பேனா, ஒரே கையெழுத்து, 600 பில். அச்சகத்துல புக் அடிச்ச தேதி தீபாவளிக்குப் பிந்தினது. இதைவிட மோசமான ஆதாரம் வேற வேண்டாம்.

நான் புதுக்கோட்டையில வரி கணக்கு எழுதுறவன். பென்சில் நோட்டைப் பென்சில்லயே விடுங்க. அதுலேர்ந்து தினசரி ரொக்கக் கணக்கு ஒண்ணு போடுங்க. காலையில கையில எவ்வளவு, அன்னைக்கு எவ்வளவு வந்துச்சு, என்ன செலவு, பேங்க்ல எவ்வளவு, ராத்திரி மிச்சம் எவ்வளவு. அக்டோபர் 17-லேர்ந்து நவம்பர் 7 வரைக்கும். மச்சான் பணத்தை இதுல சேர்க்காம போடுங்க. போட்டு இங்க காட்டுங்க.

ஹார்டுவேர்காரன் | 15 நவம்பர், இரவு 11.20

போட்டேன் அண்ணே. ஆனா ஒரு இடத்துல இடிக்குது. 28ஆம் தேதி ராத்திரி கையிருப்பு மைனஸ் 13,000 வருது.

பேரேடு | 16 நவம்பர், காலை 6.40

பேங்க்குக்குப் போறதுக்கு முன்னாடி நம்ம கண்ணுல பட்டது நல்லதாப் போச்சு. பேங்க்ல கடன் நிக்கலாம், கல்லாப்பெட்டியில மைனஸ் நிக்க முடியாது. மைனஸ் வந்தா ரெண்டே அர்த்தம்தான். ஏதோ வரவை எழுத மறந்திருக்கீங்க, இல்லன்னா வேற எங்கேயோ வந்த காசு உள்ளே கலந்திருக்கு. பரிசோதிக்கிறவங்க முதல்ல விரல் வைக்கிற இடமும் அதுதான். மொத்தம் சரியா இருக்கான்னு பார்க்கிறதை விட, ஒவ்வொரு நாளும் கட்டின காசு அன்னைக்குக் கையில இருந்திருக்க முடியுமான்னுதான் பார்ப்பாங்க.

ஸ்டால் நடந்த அந்த நாள்கள்ல ஹார்டுவேர் கடை திறந்திருந்துச்சா?

ஹார்டுவேர்காரன் | 16 நவம்பர், காலை 7.15

அடடா. திறந்துதான் இருந்துச்சு, மனைவி பார்த்துக்கிட்டாங்க. அந்த நோட்டு வேற. 28 வரைக்கும் கடை ரொக்க விற்பனை 55,000. அதைச் சேர்க்கவே இல்ல. சேர்த்தா அன்னைக்கு ராத்திரி 42,000 நிக்குது.

முழுக் கணக்கு இப்படி வருது:

ஆரம்பக் கையிருப்பு 38,000
பட்டாசு ரொக்க விற்பனை 8,66,000
கடை ரொக்க விற்பனை 72,000
மொத்தம் 9,76,000

இட வாடகை, கொட்டகை 25,000
ரெண்டு பசங்க சம்பளம் 24,000
லாரி வாடகை, இறக்குகூலி 14,000
வீட்டுச் செலவு 30,000
பேங்க்ல கட்டினது 8,42,000
கையில மிச்சம் 41,000

எண்ணிப் பார்த்தேன், கல்லால 41,000 சொச்சம் இருந்துச்சு. கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.

பேரேடு | 16 நவம்பர், காலை 9.30

இதான் உங்க விளக்கத்தோட முதுகெலும்பு. இன்னும் ரெண்டு கேள்வி.

முதல் கேள்வி, நவம்பர் 4ஆம் தேதி மொத்தமா 4,50,000 ஏன்? கடைசி மூணு நாள்ல எவ்வளவு வித்தீங்க?

ரெண்டாவது கேள்வி, ஜிபேல வந்த பட்டாசுக் காசு எவ்வளவு, சிவகாசியில சரக்கு எடுத்த பில் எவ்வளவு, மிச்சச் சரக்கு எவ்வளவு?

ஹார்டுவேர்காரன் | 16 நவம்பர், காலை 10.05

29, 30, 31 மூணு நாள்ல மட்டும் ரொக்கம் 5,20,000. வெள்ளிக்கிழமை கொட்டகை பிரிச்சோம், சனிக்கிழமை ஊர்ல இல்ல, திங்கள்கிழமை கட்டினேன்.

ஜிபே 3,10,000. சிவகாசி பில் 7,20,000, எல்லாம் கணக்கு வழியா அனுப்பினதுதான். மிச்சச் சரக்கு சுமார் 60,000.

பேரேடு | 16 நவம்பர், இரவு 9.50

அப்ப மொத்த விற்பனை 11,76,000. பில் உள்ள சரக்குல வித்தது 6,60,000-க்கு. பட்டாசுல லாபம் அதிகம்தான், தெரியும். ஆனா இந்த வித்தியாசம் எனக்கே கொஞ்சம் தூக்கலாத் தெரியுது. பில் இல்லாத சரக்கு ஏதாவது எடுத்தீங்களா?

ஹார்டுவேர்காரன் | 16 நவம்பர், இரவு 10.30

கடைசி வாரம் சரக்கு தீர்ந்து போச்சுண்ணே. ஒருத்தர் வேன்ல கொண்டாந்து இறக்கினார், 1,40,000-க்கு. பில் தரல. அவருக்கு ஜிபேல பகுதி பகுதியா அனுப்பினேன்.

பேரேடு | 17 நவம்பர், காலை 7.20

சரி. பேங்க் கேட்டது ரொக்க வரவைப் பத்தி. அதுக்கு உங்க விற்பனைக் கணக்கு போதும். நீங்களா இந்தக் கதையை விளக்கத்துல எழுத வேண்டாம், கேட்டா மறைக்கவும் வேண்டாம். ஆனா விற்பனையைக் குறைச்சுக் காட்டாதீங்க. நீங்க ஜி.எஸ்.டி. காம்போசிஷன் திட்டத்துல இருக்கிறவர்னு நினைக்கிறேன். அப்படின்னா அக்டோபர்–டிசம்பர் காலாண்டு இன்னும் முடியவே இல்ல. ஜனவரி 18-க்குள்ள கட்ட வேண்டிய அந்த 1 சதவீதத்துல 11,76,000 முழுசும் வரணும். இன்னைக்கு பேங்க்ல ஒரு விற்பனை, ஜனவரியில ஜி.எஸ்.டி.யில வேறொரு விற்பனைன்னு இருந்தா, நீங்களே கைப்பட எழுதின விளக்கம் உங்களுக்கு எதிரா நிக்கும். பில் இல்லாத சரக்கோட வினை தனி. அதை உங்க ஆடிட்டர்கிட்ட நேர்ல உட்கார்ந்து பேசுங்க.

கொள்ளிடத்தான் | 17 நவம்பர், காலை 8.00

வருமான வரியில 44ஏடி பிரிவுல இருக்கிறவருக்குக் கணக்குப் புத்தகமே வேண்டாம்னுதானே சட்டம்? எதுக்கு இவ்வளவு தலைவலி?

பேரேடு | 17 நவம்பர், காலை 8.25

நீங்க சொல்றது பாதி சரி. வரி கணக்குக்கு முழுப் புத்தகம் வேண்டாம்தான். ரொக்க விற்பனையில 8, பேங்க் வழியா வந்ததுல 6 சதவீதம் லாபம்னு காட்டிட்டுப் போகலாம். ஆனா "இந்தப் பணம் விற்பனைதான்"னு காட்டுற வேலை அப்பவும் நம்ம தலையிலதான். பின்னாடி ஒரு நாள் துறை கேட்டு, வந்த வழி தெரியாத பணம்னு முடிவு கட்டினா 60 சதவீதம் வரி, அதுக்கு மேல சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்ந்து 78 சதவீதத்துல போய் நிக்கும். மூணு லட்சத்துக்கு 2,34,000. அந்த நாப்பது பக்க நோட்டோட மதிப்பு இப்பத் தெரியுதா?

தையல்கடை அக்கா | 17 நவம்பர், காலை 9.10

மச்சான் பணத்துக்கு என்ன பண்றது? அதைப் பத்தி யாருமே சொல்லலையே.

பேரேடு | 17 நவம்பர், காலை 11.45

அக்கா, வேணும்னேதான் தள்ளி வச்சேன். அதுதான் கஷ்டமான இடம்.

20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ கடனாவோ டெபாசிட்டாவோ ரொக்கமா வாங்கக் கூடாதுன்னு வருமான வரிச் சட்டத்தோட 269எஸ்எஸ் பிரிவு சொல்லுது. மீறினா வாங்கின தொகை அளவுக்கே அபராதம் போட வழி இருக்கு. "மச்சான்கிட்ட வாங்கினேன்"னு எழுதினா ஒரு அதிகாரி அதைக் கடன்னு படிக்கலாம். அதே சமயம் இது கடனே இல்ல, மச்சான் பணத்தை மச்சான் சொன்ன இடத்துக்கு இவர் அனுப்பிக் கொடுத்தார், ஒரு ராத்திரிதான் கையில இருந்துச்சுன்னும் வாதாடலாம். எனக்கு ரெண்டாவதுதான் சரின்னு படுது. ஆனா உத்தரவாதம் தர மாட்டேன்.

கொள்ளிடத்தான் | 17 நவம்பர், மதியம் 12.10

விவசாயிக்கு அந்தச் சட்டத்துல விலக்கு இருக்கே!

பேரேடு | 17 நவம்பர், மதியம் 12.30

இருக்கு. கொடுக்கிறவர், வாங்குறவர் ரெண்டு பேருக்கும் விவசாய வருமானம் இருந்து, ரெண்டு பேருக்குமே வரி விழுற வருமானம் இல்லன்னாதான் அந்த விலக்கு. இவர் ஹார்டுவேர் கடைக்காரர். மச்சான் விவசாயியா இருந்தது மட்டும் போதாது. மச்சானுக்குத் தனியா ஒரு சிக்கலும் இருக்கு. ஒரே ஆள்கிட்ட ஒரே விற்பனைக்கு 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கக் கூடாது. மர வியாபாரி ரெண்டு தவணையா கொடுத்தாலும் விற்பனை ஒண்ணுதான். அது அவர் பார்த்துக்க வேண்டிய விஷயம், உங்க கடிதத்துல அது வராது.

பழைய கேஷியர் | 17 நவம்பர், மாலை 6.15

பேரேடு சார் வரிக் கண்ணோட பார்க்கிறார். நான் பேங்க் கண்ணோட சொல்றேன், அந்த அபராதம் போடுறது எங்க வேலையே இல்ல. எங்களுக்கு வேண்டியது பணம் யாருது, எங்கே இருந்து வந்துச்சு, எங்கே போச்சுங்கிறதுதான். மூணுக்கும் காகிதம் வாங்கி வைங்க. மச்சான் கையெழுத்துப் போட்ட கடிதம், அவர் ஆதார், பட்டா நகல், மரம் வாங்கினவர் கொடுத்த சீட்டு, டீலர் மச்சான் பேர்ல போட்ட ரசீது. இந்தக் கடைசிக் காகிதம்தான் ரொம்ப முக்கியம். உங்க கணக்குலேர்ந்து போன ஆர்.டி.ஜி.எஸ். நம்பரும் மச்சான் பேரும் ஒரே தாள்ல இருந்தா, படிக்கிறவருக்குக் கதை தானா புரியும்.

பொய் எழுதி வரிச் சிக்கல்லேர்ந்து தப்பிக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க. சந்தேகம்னு முடிவு பண்ணினா பேங்க் தாமதிக்காம அறிக்கை அனுப்பியாகணும். அனுப்பினோம்னு வாடிக்கையாளர்கிட்ட சொல்லவும் கூடாது. அதனால கவுண்ட்டர்ல போய், "மேல ரிப்போர்ட் போட்டீங்களா"ன்னு கேட்டு அந்த ஆபீசரைச் சங்கடப்படுத்தாதீங்க.

கடிதம் நான் எழுதுற மாதிரி இருந்தா இப்படி எழுதுவேன். நீட்டி முழக்க வேண்டாம், ஒரே பக்கம்.

"ஐயா, தங்கள் 12.11.2024 மின்னஞ்சல் தொடர்பாக. எனது ஹார்டுவேர் கடையுடன், தற்காலிக உரிமம் பெற்று 17.10.2024 முதல் 31.10.2024 வரை பட்டாசுச் சில்லறை விற்பனையும் செய்தேன். கேட்கப்பட்ட 11,42,000 ரூபாயில் 8,42,000 ரூபாய் எனது பட்டாசு மற்றும் கடை விற்பனையில் வந்த ரொக்கம். தினசரி ரொக்கக் கணக்கு, விற்பனைக் குறிப்பேட்டின் நகல், உரிமம், கொள்முதல் பில்கள் இணைத்துள்ளேன். விற்பனையின் பெரும்பகுதி கடைசி மூன்று நாட்களில் நடந்ததால் அத்தொகையை 04.11.2024 அன்று மொத்தமாகச் செலுத்தினேன். 49,000 வீதம் செலுத்தியது இயந்திரத்தின் வரம்பாலும், விதிகளைச் சரியாக அறியாததாலும் கடை ஊழியர் மூலம் நடந்தது. மீதி 3,00,000 ரூபாய் எனது வியாபார வரவு அல்ல. என் மனைவியின் சகோதரருக்குச் சொந்தமான அப்பணம், அவர் கேட்டபடி 07.11.2024 அன்று டிராக்டர் விற்பனையாளருக்கு அனுப்பப்பட்டது. அவரது கடிதமும் ரசீதும் இணைப்பில் உள்ளன. இனி இக்கணக்கில் பிறர் பணத்தைச் செலுத்த மாட்டேன்."

இதோட நிறுத்துங்க. "நான் நேர்மையானவன், பத்து வருஷ வாடிக்கையாளர்"னெல்லாம் எழுத வேண்டாம். ரெண்டு நகல் எடுத்து, ஒண்ணுல சீல் போட்டு வாங்கி வச்சுக்கங்க. மெயில்லயும் அனுப்புங்க.

பேரேடு | 17 நவம்பர், இரவு 7.40

அந்த மூணு லட்சம் பத்தின வரியை உங்க ஆடிட்டர் ஒரு தடவை படிச்ச பிறகு கொடுங்க. "கடன்", "கைமாத்து"ங்கிற சொல் எங்கேயும் வர வேண்டாம். நடந்ததும் அது இல்லைதானே.

பழைய கேஷியர் | 17 நவம்பர், இரவு 8.05

இதை ஒத்துக்கிறேன். ஆனா ஆடிட்டர் படிச்சு முடிக்கட்டும்னு 7 நாளைத் தாண்ட விடாதீங்க. பதில் வராததையும் ஒரு பதிலாத்தான் எடுத்துப்பாங்க.

ஹார்டுவேர்காரன் | 20 நவம்பர், மாலை 4.30

இன்னைக்குக் கொடுத்துட்டேன். மச்சானை ரசீது வாங்க டீலர்கிட்ட அனுப்பினதுல ஒரு நாள் போச்சு. முதல்ல ரசீதுல என் கடை பேரைப் போட்டு வச்சிருந்தாங்க. மாத்தி, "பணம் அனுப்பியவர்"னு என் கடை பேர், "வாடிக்கையாளர்"னு மச்சான் பேர்னு ரெண்டும் வர மாதிரி வாங்கினோம்.

மேடம் ரொக்கக் கணக்குத் தாளைத்தான் ரொம்ப நேரம் பார்த்தாங்க. பென்சில் நோட்டோட மூலத்தையே கேட்டாங்க. 30ஆம் தேதிப் பக்கத்துல எண்ணெய்க் கறை, பொடிப் பயலோட கிறுக்கல் எல்லாம் இருந்துச்சு. கொஞ்சம் சிரிச்சிட்டு திருப்பிக் கொடுத்தாங்க.

தையல்கடை அக்கா | 20 நவம்பர், மாலை 5.00

அந்தக் கிறுக்கலை அழிச்சிடாதீங்க தம்பி.

ஹார்டுவேர்காரன் | 27 நவம்பர், இரவு 9.15

ஒரு வாரம் கழிச்சு போன் வந்துச்சு. கணக்கு விவரப் படிவத்தைப் புதுப்பிக்கச் சொன்னாங்க. தொழில்னு இருக்கிற இடத்துல ஹார்டுவேரோட "பண்டிகைக் காலப் பட்டாசு விற்பனை"ன்னும் சேர்த்து, வருஷ வரவு எவ்வளவு எதிர்பார்க்கிறீங்கன்னு எழுதிக் கையெழுத்து வாங்கினாங்க. அடுத்த வருஷம் ஸ்டால் போடுறதா இருந்தா லைசென்ஸ் வந்ததும் ஒரு நகலை முன்கூட்டியே கிளையில கொடுத்துடச் சொன்னாங்க. விஷயம் முடிஞ்சதான்னு கேட்டேன். "இப்போதைக்கு வேற எதுவும் கேட்கல சார்"னு மட்டும் சொன்னாங்க.

ஆடிட்டர் மூணு லட்சத்துக்குக் கவலைப்பட வேண்டாம்கிறார். ஆனா 1,40,000 சரக்கு விஷயத்துல முகத்தைச் சுளிச்சார். வேன்காரருக்குப் போன் பண்ணா எடுக்க மாட்டேங்கிறார்.

கொள்ளிடத்தான் | 27 நவம்பர், இரவு 9.40

அவர் நம்பரை எனக்கு அனுப்பாதீங்க, எனக்கும் அவர்தான் சரக்கு இறக்கினார்.